மூலதனச் செலவுக் கணக்கில் நீங்கள் சறுக்கும் இடங்கள்

அன்புள்ள இறுதியாண்டு மாணவர்களுக்கு,

சென்ற வாரத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். எடையிட்ட சராசரி மூலதனச் செலவு கேட்ட நான்காவது கேள்விக்கு மட்டும் என் சிவப்புப் பேனா அதிகம் செலவாகிவிட்டது. சூத்திரம் தெரியாமல் தவறியவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் முதல் வரியிலேயே சூத்திரத்தை எழுதி, சுற்றிப் பெட்டியும் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டிக்குள் போட வேண்டிய எண்ணைத்தான் தவறான இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

தவறுகள் பல மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். இந்தக் கணக்கு கேட்பது இன்றைய விலையை: இன்று இந்த நிறுவனத்தின் பங்கையோ பத்திரத்தையோ காசு கொடுத்து வாங்குகிறவர், அந்தக் காசுக்கு என்ன வருமானம் எதிர்பார்க்கிறார்? நீங்களோ பாதி எண்களை இன்றைய சந்தையிலிருந்தும், மீதியை என்றோ எழுதிய பேரேட்டிலிருந்தும் எடுத்துக் கலக்கிவிடுகிறீர்கள். கீழே அதே கேள்வியை வரிசையாகப் போட்டுக் காட்டுகிறேன். தாளும் கால்குலேட்டரும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி

ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் ₹10 முகமதிப்புள்ள 40 லட்சம் ஈக்விட்டி பங்குகள் (₹400 லட்சம்), காப்பு நிதி ₹350 லட்சம், ₹100 முகமதிப்புள்ள 11% மீட்கப்படாத முன்னுரிமைப் பங்குகள் ₹150 லட்சம், ₹100 முகமதிப்புள்ள 10% கடனீட்டுப் பத்திரங்கள் ₹300 லட்சம் ஆகியவை உள்ளன.

ஈக்விட்டி பங்கின் சந்தை விலை ₹47. பங்குக்கு ₹3 டிவிடெண்ட் இன்னும் சில நாட்களில் வழங்கப்பட உள்ளது. கடந்த ஐந்து ஆண்டுகளின் டிவிடெண்ட் வரிசையாக ₹2.38, 2.52, 2.67, 2.83, 3.00. முன்னுரிமைப் பங்கின் விலை ₹88. கடனீட்டுப் பத்திரத்தின் விலை, இந்த ஆண்டு வட்டி கொடுத்து முடித்த பிறகு, ₹96. அது ஐந்தாண்டு முடிவில் ₹105-க்கு மீட்கப்படும். வரி விகிதம் 25%. சந்தை மதிப்பை எடையாகக் கொண்டு சராசரி மூலதனச் செலவைக் கண்டுபிடிக்கவும்.

(25% என்பது கணக்குக்கு வசதியான எண். சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த இந்திய நிறுவனத்துக்கு, 22% வரியுடன் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.168% வரும். அதனால் உண்மைக்கும் வெகுதூரம் இல்லை.)

முதல் படி: பங்கின் விலைக்குள் டிவிடெண்ட் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வியில் ஒரு சிறிய வாக்கியம் இருக்கிறது: "இன்னும் சில நாட்களில் வழங்கப்பட உள்ளது." மதிப்பெண் முதலில் கசியத் தொடங்குவது இங்கேதான். ₹47 கொடுத்து இன்று பங்கை வாங்குகிறவருக்குச் சில நாட்களில் ₹3 கைக்குத் திரும்பி வந்துவிடும். ஆகவே, வருங்கால டிவிடெண்டுகளுக்காக அவர் உண்மையில் போட்டு வைத்திருக்கும் பணம் ₹44 மட்டுமே. சூத்திரத்தில் போக வேண்டியது அந்த ₹44.

ஒரு விடைத்தாளில் முதலில் 44 என்று சரியாக எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு மேலே 47 என்று எழுதியிருந்தது. ஏன் என்று யோசித்தேன். "சந்தை விலை" என்று கேள்வித்தாளே சொல்லும்போது நாம் மாற்றலாமா என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். பங்குச் சந்தையே அதைச் செய்கிறது. டிவிடெண்ட் உரிமை நீங்கும் நாளில் பங்கின் விலை ஏறத்தாழ அந்தத் தொகை அளவுக்கு இறங்கித் தொடங்குவது வழக்கம். அன்றைய மற்றச் செய்திகளால் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம், அவ்வளவே.

கேள்வியில் டிவிடெண்ட் "இப்போதுதான் வழங்கப்பட்டது" என்றோ, விலை "டிவிடெண்ட் நீங்கலாக" என்றோ இருந்தால் எதையும் கழிக்காதீர்கள். சென்ற முறை எல்லாவற்றிலும் கழிக்கச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே கழித்த விலையில் மறுபடியும் கழித்தவர்களும் உண்டு. கடனீட்டுப் பத்திரத்துக்கும் இதே விதிதான். நம் கேள்வியில் வட்டி கொடுத்து முடித்தாகிவிட்டது. எனவே ₹96 அப்படியே நிற்கும்.

இரண்டாம் படி: வளர்ச்சி விகிதம்

கையை விரித்துப் பாருங்கள். விரல்கள் ஐந்து, அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளிகள் நான்கு. டிவிடெண்ட் ஐந்து இருந்தால் வளர்ச்சி நடந்தது நான்கு முறை. 2.38 எப்படி 3.00 ஆனது என்று கேட்டால், நான்கு தாவலில் ஆனது. ஆகவே எடுக்க வேண்டியது நான்காம் மூலம்.

```
3.00 ÷ 2.38 = 1.2605
√1.2605 = 1.1227
√1.1227 = 1.0596   →  g ≈ 6%
```

சாதாரண கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் நான்காம் மூலம் வந்துவிடும். ஐந்தாம் மூலம் எடுத்தவர்களுக்கு 4.7% வந்திருக்கும். ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்த வித்தியாசம், அடுத்த படியில் ஈக்விட்டி செலவுக்குள் அப்படியே இறங்கிவிடுகிறது.

மூன்றாம் படி: எந்த ஆண்டின் டிவிடெண்ட்?

₹44 கொடுத்தவருக்கு அடுத்துக் கிடைக்கப்போவது ₹3 அல்ல. அந்த ₹3-ஐத்தான் விலையிலிருந்து கழித்துவிட்டோமே! இன்னும் ஓராண்டு கழித்து வரப்போகும் டிவிடெண்டே அவருடைய முதல் வருமானம். அது 3 × 1.06 = ₹3.18.

```
Ke = D0 × (1 + g) ÷ P0 + g
   = 3.18 ÷ 44 + 0.06
   = 0.0723 + 0.06 = 13.23%
```

விலையில் 47-ஐயும் மேலே 3.00-ஐயும் போட்டவர்களுக்கு 12.38% வந்தது. இரண்டு தவறுகளும் ஒரே திசையில் தள்ளுவதைக் கவனியுங்கள். மேலே இருப்பதைக் குறைத்து, கீழே இருப்பதைக் கூட்டி, பங்குதாரரின் எதிர்பார்ப்பை இருமுறை மட்டம் தட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி டிவிடெண்டுக்குப் பதிலாகப் பீட்டாவைக் கொடுத்தால் வழி வேறு. அங்கே சறுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். "சந்தை வருமானம் 13%" என்று கொடுத்தால் அதிலிருந்து இடரற்ற விகிதமான 7%-ஐக் கழித்து 6% எடுக்க வேண்டும். "சந்தை இடர் மிகைவருமானம் 6%" என்று கொடுத்தால் அது ஏற்கெனவே கழித்த எண். அதில் மீண்டும் 7%-ஐக் கழித்து எதிர்ம எண்ணை வரவழைத்துவிட்டு, பிறகு குறியை மட்டும் அழித்து நேர்மமாக்கிய மாணவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

நான்காம் படி: முன்னுரிமைப் பங்கு

ஆண்டுக்கு ₹11 கிடைக்கும் பங்கை இன்று ₹88-க்கு வாங்கலாம். 11 ÷ 88 = 12.5%. இதோடு முடிந்தது. இதை 0.75-ஆல் பெருக்க வேண்டாம்.

வட்டி என்பது இலாபத்தைக் கணக்கிடுவதற்கு முன்பே கழிக்கப்படும் செலவு. அதனால் நிறுவனம் கட்டும் வரி குறைகிறது. முன்னுரிமைப் பங்கின் டிவிடெண்டோ, வரி கட்டிய பிறகு மிஞ்சும் இலாபத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. விகிதம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருப்பதால் அது வட்டி போலத் தோன்றுகிறது. வரித்துறைக்கு அந்தத் தோற்றம் பொருட்டல்ல.

ஐந்தாம் படி: கடனீட்டுப் பத்திரம்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். விடைத்தாள்களில் மூன்று விதமான தவறான விடைகள் இருந்தன. மூன்றும் ஒன்றைவிட ஒன்று மேலானவை. ஆனாலும் எதுவும் சரியில்லை.

முதல் விடை 7.5%. பத்து சதவீத வட்டியில் கால்வாசி வரியாக மிச்சமாகிறது, எனவே ஏழரை என்று முடித்துவிட்டார்கள். இது பத்திரம் வெளியிட்ட அன்று ₹100 கொடுத்தவருடைய கதை. இன்று வாங்குகிறவர் கொடுப்பது ₹96.

இரண்டாவது விடை 7.5 ÷ 96 = 7.81%. இன்றைய விலை வந்துவிட்டது, நல்லது. கடனீட்டுப் பத்திரம் என்றைக்கும் மீட்கப்படாது என்றால் இதுவே சரியான விடை. நம் பத்திரமோ ஐந்தாண்டில் ₹105-க்கு மீட்கப்படுகிறது. ₹96 கொடுத்தவருக்கு ₹9 கூடுதலாகக் கிடைக்கிறது. அதைக் கொடுக்கப்போவது நிறுவனம். அந்தச் செலவு இந்த விடையில் எங்கும் இல்லை.

மூன்றாவது விடை 8.92%. இதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். வட்டி ₹10, மீட்பு ₹105, விலை ₹96 என்று எடுத்து, சமன் செய்யும் விகிதம் 11.90% என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு அதை 0.75-ஆல் பெருக்கிவிட்டார்கள். அப்படிப் பெருக்கினால் மீட்பில் கிடைக்கும் ₹9-க்கும் வரிச் சலுகை உண்டு என்று ஆகிவிடும். தேர்வுக் கணக்குகளில் வழக்கமான அனுமானம், வட்டிக்கு மட்டுமே வரி மிச்சம் என்பது. ஆகவே வரியை வட்டியில் முதலிலேயே கழித்துவிட்டு, அதன் பிறகுதான் விகிதத்தைத் தேட வேண்டும்.

நடைமுறைச் சட்டம் இவ்வளவு எளிமையானதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம், கடனீட்டுப் பத்திரத்தைத் தள்ளுபடியில் வெளியிட்டால் அந்தத் தள்ளுபடியும் செலவுதான் என்றும், அதைப் பத்திரத்தின் ஆயுட்காலம் முழுவதும் பரப்பிக் கழிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே கேள்வியில் "தள்ளுபடிக்கும் மீட்பு மிகைத்தொகைக்கும் வரிக் கழிவு உண்டு" என்று இருந்தால் அதன்படியே செய்யுங்கள். கேள்வி வாய் திறக்கவில்லை என்றால், "வட்டிக்கு மட்டும் வரிக் கழிவு எனக் கொள்ளப்படுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். அந்த ஒரு வரி, திருத்துகிறவருடைய சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இப்போது கணக்கு. ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ₹7.50, ஐந்தாம் ஆண்டு முடிவில் ₹105. இவற்றின் நிகழ்கால மதிப்பு எந்த விகிதத்தில் ₹96-க்குச் சமமாகிறது?

எந்த இரண்டு விகிதங்களைச் சோதிப்பது என்று பலர் திணறியிருக்கிறீர்கள். முதலில் தோராயமாக ஒன்றைப் பிடியுங்கள். ஆண்டு வட்டி 7.5. ₹9-ஐ ஐந்தாண்டுக்குப் பங்கிட்டால் 1.8. மொத்தம் 9.3. விலைக்கும் மீட்புத் தொகைக்கும் சராசரி 100.5. வகுத்தால் 9.25%. விடை ஒன்பதைச் சுற்றி எங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆகவே 8%-ஐயும் 10%-ஐயும் எடுத்துக்கொள்வோம்.

```
8%:  7.5 × 3.9927 + 105 × 0.6806 = 101.41   →  101.41 − 96 = +5.41
10%: 7.5 × 3.7908 + 105 × 0.6209 =  93.63   →   93.63 − 96 = −2.37

Kd = 8 + 5.41 ÷ (5.41 + 2.37) × 2 = 9.39%
```

சோதிக்கும் விகிதங்கள் விடைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. 5%-ஐயும் 15%-ஐயும் எடுத்து இதே இடைச்செருகலைச் செய்தவருக்கு 10.01% வந்தது. அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நிகழ்கால மதிப்பு விகிதத்தோடு நேர்கோட்டில் இறங்குவதில்லை, வளைந்து இறங்குகிறது. நாம் நேர்கோடு போட்டு இடையில் வெட்டுகிறோம். தொலைவிலிருந்து கோடு போட்டால் வளைவிலிருந்து விலகித்தான் வெட்டும். தேர்வில் அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன், ஆனால் அலுவலகத்தில் இப்படிக் கொடுத்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

இந்த இடத்தில் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். கடன் 9.39%, முன்னுரிமைப் பங்கு 12.5%, ஈக்விட்டி 13.23%. பணம் திரும்பி வருவதில் யார் வரிசையில் பின்னால் நிற்கிறார்களோ அவர்கள் அதிகம் கேட்கிறார்கள். வரிசை சரியாக இருக்கிறது. முன்னுரிமைப் பங்குக்கும் வரி கழித்தவர்களுக்கு 9.375% வந்தது. கடனைவிடவும் மயிரிழை குறைவு! கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில் வாங்கிக்கொள்கிறவர், அவர்களைவிடக் குறைவாக நிறுவனத்துக்குச் செலவு வைக்கிறார் என்று விடை சொன்னால், அப்போதே நாலாம் படிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

ஆறாம் படி: எடைகள்

இந்தக் கேள்வியிலேயே மிகப் பெரிய ஓட்டை இங்கேதான்.

ஈக்விட்டியின் சந்தை மதிப்பு 40 லட்சம் × 44 = ₹1,760 லட்சம். பலர் இத்துடன் காப்பு நிதி ₹350 லட்சத்தையும் ஒரு தனி வரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். காப்பு நிதி யாருடையது? பங்குதாரர்களுடையது. நிறுவனம் இலாபத்தைப் பகிர்ந்து கொடுக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டு இயந்திரமும் சரக்கும் வாங்கியதால்தான் ₹10 பங்கு இன்று ₹44-க்கு விலை போகிறது. அந்த ₹44-க்குள் காப்பு நிதி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மறுபடியும் சேர்த்தால், வீட்டை விற்ற விலையோடு வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டின் விலையையும் தனியாகக் கேட்பது போல ஆகும்.

ஏட்டு மதிப்பை எடையாகக் கேட்டால் கதை வேறு. அங்கே பங்கு மூலதனம் ₹400 லட்சம் என்பது முகமதிப்பு மட்டும். காப்பு நிதி அதற்குள் இல்லை. ஆகவே ₹350 லட்சத்தைச் சேர்த்து ₹750 லட்சம் என்று எடுத்து, அதற்கும் ஈக்விட்டி செலவான 13.23%-ஐயே போட வேண்டும். காப்பு நிதிக்குச் செலவே இல்லை என்று பூஜ்யம் போட்டவர்கள் இருந்தார்கள். நிறுவனத்தின் பெட்டியில் இருப்பதால் அது இலவசப் பணம் ஆகிவிடாது. அந்தப் பணத்தைப் பங்குதாரருக்குக் கொடுத்திருந்தால் அவர் இதே இடர் உள்ள வேறு பங்கில் போட்டு 13.23% ஈட்டியிருப்பார்.

நம் பாடநூல்களில் மூன்றாவது ஒரு வழக்கமும் உண்டு. சந்தை மதிப்பைக் கேட்டுவிட்டு, காப்பு நிதிக்கும் தனி வரி காட்டச் சொல்வார்கள். அப்போது ₹1,760 லட்சத்தை ஏட்டு விகிதப்படி, அதாவது 400-க்கு 350 என்று, பிரித்துக் காட்டுங்கள். ஈக்விட்டிக்கு ₹938.67 லட்சம், காப்பு நிதிக்கு ₹821.33 லட்சம் வரும். இரண்டுக்கும் ஒரே செலவு என்றால் விடையில் ஒரு புள்ளியும் மாறாது. மொத்தம் 1,760-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் முக்கியம்.

மற்ற இரண்டும் எளிது. முன்னுரிமைப் பங்குகள் 1.5 லட்சம், தலா ₹88, ஆகவே ₹132 லட்சம். கடனீட்டுப் பத்திரங்கள் 3 லட்சம், தலா ₹96, ஆகவே ₹288 லட்சம். இங்கே எடைக்கு ₹105-ஐப் போட வேண்டாம், அது ஐந்தாண்டு கழித்து வரப்போகும் தொகை.

ஏழாம் படி: கூட்டல்

ஒவ்வொரு எடையையும் பின்னமாக்கி இரண்டு தசமத்துக்கு வெட்டுவதை விட, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஆண்டுக்கு எத்தனை லட்சம் ரூபாய் வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். தோராயப் பிழை குறையும், தவறும் உடனே கண்ணில் படும்.

```
ஈக்விட்டி       1,760 × 13.227%  = 232.80
முன்னுரிமை        132 × 12.5%    =  16.50
கடன்              288 × 9.39%    =  27.04
மொத்தம்         2,180               276.34

276.34 ÷ 2,180 = 12.68%
```

முன்னுரிமைப் பங்கின் வரியைப் பாருங்கள். ₹16.50 லட்சம் என்பது ₹150 லட்சத்தின் 11%, அதாவது நிறுவனம் உண்மையில் கொடுக்கும் டிவிடெண்ட். இப்படிச் சரியாகப் பொருந்தவில்லை என்றால், விலையிலோ எண்ணிக்கையிலோ ஓரிடத்தில் ஏட்டு மதிப்பைக் கலந்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஏட்டு மதிப்பை எடையாக்கினால் 12.18% வரும். அங்கேயும் செலவுகள் அதே 13.23, 12.5, 9.39 தான், மாறுவது எடை மட்டும். "ஏட்டு மதிப்பு" என்ற சொல்லைப் பார்த்ததும் செலவையும் முகமதிப்பில் கணக்கிட்டு, முன்னுரிமைக்கு 11%, கடனுக்கு 7.5% என்று போட்டவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கிடைத்த விகிதத்தை வைத்து என்ன செய்வது?

கேள்வியின் இரண்டாம் பகுதி நினைவிருக்கிறதா? ₹500 லட்சம் முதலீடு, வரிக்குப் பின் ஆண்டுதோறும் ₹61 லட்சம், முடிவில்லாமல். நிறுவனம் ஏற்கெனவே செய்துவரும் தொழிலிலேயே விரிவாக்கம்.

12.68%-இல் 61 ÷ 0.1268 = ₹481 லட்சம். முதலீட்டைவிட ₹19 லட்சம் குறைவு, ஆகவே வேண்டாம். இப்போது ஒரே தாளில் எல்லாத் தவறுகளையும் செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலை 47, டிவிடெண்ட் 3.00, காப்பு நிதி தனியாகச் சேர்ப்பு, முன்னுரிமை 11%, கடன் 7.5%, இரண்டுக்கும் ஏட்டு எடை. அவருக்குச் சராசரி 11.76% வருகிறது. 61 ÷ 0.1176 = ₹519 லட்சம். திட்டம் ₹19 லட்சம் இலாபம், தொடங்கலாம் என்று பரிந்துரைக்கிறார். அதே திட்டம், அதே ரூபாய், முடிவு மட்டும் தலைகீழ்.

இதே பகுதியில் இன்னும் இரண்டு தவறுகள். கேள்வியில், "இத்திட்டத்துக்காக ₹300 லட்சத்துக்குப் புதிய 10% கடனீட்டுப் பத்திரங்கள் வெளியிடப்படும்" என்று ஒரு வரி வைத்திருந்தேன். வேண்டுமென்றே வைத்த வரி அது.

சிலர் அதைப் பார்த்ததும் ₹61 லட்சத்திலிருந்து ₹30 லட்சம் வட்டியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 12.68%-ஆல் வகுத்தார்கள். அந்த 12.68%-க்குள் கடன்காரர்களின் கோரிக்கை ஏற்கெனவே இருக்கிறது, மேலே ₹27.04 லட்சம் என்ற வரி அதுதான். ரொக்க வரவிலும் வட்டியைக் கழித்து, வகுக்கும் விகிதத்திலும் வட்டியை வைத்தால், ஒரே கடனுக்கு இரண்டு முறை வட்டி கட்டுகிறீர்கள்.

வேறு சிலர், "கடனில்தானே திட்டம் நடக்கிறது" என்று 7.5%-ஆல் வகுத்து, ₹813 லட்சம் என்று மதிப்பிட்டு, திட்டத்தைக் கொண்டாடிவிட்டார்கள். இதை இப்படி யோசித்துப் பாருங்கள். இந்த ஆண்டு இந்தத் திட்டத்துக்குக் கடன் வாங்கினார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு அச்சு அசலாக இதே போன்ற இன்னொரு திட்டம் வருகிறது. கடன் வாங்கும் வரம்பு தீர்ந்துவிட்டதால் புதிய பங்கு வெளியிட வேண்டும். 13.23%-இல் அது நிராகரிக்கப்படும். ஒரே மாதிரியான இரண்டு திட்டங்களில் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று எப்படி ஆகும்? கடன் கொடுத்தவர் 10%-க்குச் சம்மதித்ததே அவருக்குப் பின்னால் ₹1,760 லட்சம் ஈக்விட்டி அரணாக நிற்பதால். அந்த அரணில் ஒரு பகுதியை இந்தத் திட்டம் பயன்படுத்துகிறது. அதற்கான கட்டணத்தை 7.5% காட்டுவதில்லை. சராசரி காட்டுகிறது.

ஆனால் இந்தச் சராசரிக்கும் எல்லை உண்டு. புதிய திட்டத்தின் இடர் இப்போதைய தொழிலின் இடரைப் போலவே இருக்க வேண்டும். கடனுக்கும் ஈக்விட்டிக்கும் உள்ள விகிதம் நீண்ட காலத்தில் ஏறத்தாழ இப்படியே இருக்க வேண்டும். நூற்பாலை நடத்துகிறவர் ஓட்டல் கட்டப் போனால் நூற்பாலையின் 12.68% அங்கே செல்லாது. ஓட்டல் தொழிலின் பீட்டாவை எடுத்து, கடன் விகிதத்துக்கு ஏற்பத் திருத்தி, புதிதாகக் கணக்கிட வேண்டும். விடையின் கீழே "கருத்துரைக்க" என்று இரண்டு மதிப்பெண் இருந்ததே, அது இந்த இரண்டு நிபந்தனைகளுக்குத்தான். பெரும்பாலோர் அங்கே "குறைந்த மூலதனச் செலவு நிறுவனத்துக்கு நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை.

திங்கட்கிழமைக்கு

இதே கேள்வியை இரண்டு மாற்றங்களுடன் போட்டு வாருங்கள். ஒன்று, ₹3 டிவிடெண்ட் நேற்றே வழங்கப்பட்டுவிட்டது, அதன் பிறகும் விலை ₹47. இரண்டு, கடனீட்டுப் பத்திரம் ₹105-க்கு அல்ல, முகமதிப்பான ₹100-க்கே மீட்கப்படும். மற்றவை எல்லாம் அப்படியே.

ஈக்விட்டி செலவு 12.77%, கடன் 8.5%-ஐ ஒட்டி, சராசரி 12.22% வர வேண்டும். ஈக்விட்டிக்கு 13.23% வந்தால் பழக்கதோஷத்தில் ₹3-ஐக் கழித்துவிட்டீர்கள். கடனுக்கு 7.81% வந்தால், ₹96-க்கு வாங்கியவருக்குக் கிடைக்கும் அந்த ₹4-ஐ மறந்துவிட்டீர்கள். வேறு ஏதாவது வந்தால் தாளை எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் துறை அறைக்கு வாருங்கள். அடித்துத் திருத்திய தாளாக இருந்தாலும் பரவாயில்லை, அதுவே எனக்கு வசதி.

அன்புடன்,
உங்கள் நிதி மேலாண்மை ஆசிரியர்